திறக்காத குடத்தின் வரைபடம்

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து சபாக் பெர்ணம் வரைக்கும் எந்தச் செம்பனைத் தோட்டத்துக்குள் போய் வேண்டுமானாலும் கேளுங்கள், "உருட்டு யார் செய்தது?" என்று. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் என் பட்டறைக்கு வழி சொல்லுவான். வங்காளதேசத்துப் பையன்கள்கூடச் சொல்லுவார்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் அப்பாவோடு ரப்பர் பால்மரக் காட்டில்தான் இருந்தேன். எஞ்சினியர் பட்டம் வாங்கியவர்கள் இரண்டு பேர் என் பட்டறைக்கு வந்து, அந்த உருட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே திரும்பிப் போயிருக்கிறார்கள். இதை நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

உருட்டு என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். செம்பனைக் குலையை வெட்டித் தள்ளும்போது பழங்கள் உதிர்ந்து மரத்தடியில் சிதறும். எண்ணெய் அதிகம் இருப்பதே அந்த உதிரிப்பழத்தில்தான். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் சாயங்காலம் முதுகு நிமிராது. என் உருட்டில் நீளக் கைப்பிடி ஒன்று, அதன் அடியில் கம்பிகளால் ஆன பீப்பாய் மாதிரி ஒரு கூண்டு. நின்றபடியே தரையில் உருட்டினால் கம்பிகள் விலகிப் பழத்தை உள்ளே விடும், பிறகு மூடிக்கொள்ளும். இந்த அளவுக்குச் செய்கிற கருவி கடைகளிலேயே கிடைக்கும். ஆனால் கடையில் வாங்கிய கூண்டு நிறைந்தால் கையை விட்டுக் கம்பியைப் பிளந்துதான் கொட்ட வேண்டும். என்னுடையதில் கைப்பிடியில் சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு பிடி இருக்கும். அதை அமுக்கினால் கூண்டின் ஒரு பக்கத் தட்டு மறுபக்கத் தட்டை நோக்கி நகரும். கம்பிகள் வயிறு புடைத்து இடைவெளி பெரிதாகும். பழம் மொத்தமும் சாக்கில் விழும். பிடியை விட்டால் தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும்.

அந்தத் தட்டை நகர்த்துவதும் திருப்பி அனுப்புவதும் கூண்டின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன உருளைப் பெட்டி. மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருப்பதற்குக் குடம் என்று பெயர். நானும் அதையே வைத்தேன். குடத்தின் மூடியை ரிவெட் அடித்து, அதன் தலையைக் கிரைண்டரில் வழித்துவிடுவேன். அறுத்தால்தான் திறக்கும். அப்படிச் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. முன்பு அரிவாளை நீளக் கம்பத்தில் மாட்டுகிற ஒரு பிடி செய்தேன். ஒரே வருடத்தில் அது கிள்ளான் வரை எல்லா இரும்புக் கடையிலும் தொங்கியது, என்னைக் கேட்காமலே. அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் என் மூளையை வெளியே தெரிகிற இடத்தில் வைக்க மாட்டேன் என்று.

செய்வது நான், விற்பது என் தங்கையின் கணவர். டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். ஆங்கிலம் பேசுவார், தோட்ட நிர்வாகிகளுக்குச் சட்டை போட்டுக்கொண்டு போய்ச் சலாம் வைப்பார். அந்த வேலை எனக்கு வராது. நான் சலாம் வைத்துப் பழகாதவன்.

போன வருடம் ஒருநாள் பட்டறைக்கு வந்து, வெல்டிங் வெளிச்சத்துக்குக் கையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், கம்பெனிக்காரங்க கண்காட்சி வருது. நம்ம உருட்டுக்குப் பெட்டி, பேனர் எல்லாம் புதுசா அடிக்கணும். வெறும் போட்டோ போட்டா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான் லா. பாகமெல்லாம் தனித்தனியாப் பிரிஞ்சு காத்துல மிதக்கிற மாதிரி ஒரு படம் போடுவாங்களே, நீலக் கலர்ல வெள்ளைக் கோடா, அந்த மாதிரி."

"பாகம் பிரிஞ்சா குடமும்ல பிரியும்?"

"குடத்தை விட்டுடலாம் மச்சான். நீங்க சொன்னா சொன்னதுதான்."

நீங்க சொன்னா சொன்னதுதான். அந்த வார்த்தையை நான் நம்பினேன்.

கோலசிலாங்கூர் டவுனில் அச்சுக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் போனோம். முப்பது வயதிருக்கும், வேலையில் கெட்டி. நான் கொண்டுபோன உருட்டைப் பார்த்ததும் முதலில் ஒரு துணியை எடுத்துத் துடைத்தாள். அது எனக்குப் பிடித்தது. வெள்ளைத் தாளைச் சுவரிலிருந்து தரை வரை வளைத்து விரித்து, அதன் மேல் உருட்டை நிறுத்தினாள். இரண்டு பக்கமும் விளக்கு வைத்து நிழல் விழாமல் பார்த்துக்கொண்டாள். கேமராவைக் கிட்டே கொண்டுவரவில்லை. கடையின் மறு மூலைக்குப் போய் அங்கிருந்து எடுத்தாள்.

"ஏன்மா அவ்வளவு தூரம்? கண்ணு தெரியலையா?"

"கிட்டேருந்து எடுத்தா முன்பக்கம் பெருசாவும் பின்பக்கம் சின்னதாவும் வந்துடும் அங்கிள். வரையிறப்போ அளவு கோணிப் போயிடும். தூரத்துலேருந்து இழுத்து எடுத்தா ரெண்டும் ஒரே மாதிரி நிக்கும்."

முன்பக்கம், பக்கவாட்டு, மேலே, பிறகு சாய்வாக ஒன்று என்று எடுத்தாள். பக்கத்தில் ஓர் இரும்பு அளவுகோலையும் வைத்து எடுத்தாள். என்னைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

"மொதல்ல ஏஐ கிட்ட குடுத்துப் பாப்போம் அங்கிள். சும்மா ஐடியாவுக்கு" என்று சொல்லிப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆங்கிலத்தில் ஏதோ தட்டினாள். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு படம் வந்தது. நீலப் பின்னணி, வெள்ளைக் கோடு, பாகங்கள் வரிசையாக மிதந்தன. என் மாப்ள வாயைப் பிளந்தார்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். குடத்துக்குள் மூன்று பல்சக்கரம் வைத்திருந்தது. ஒரு மோட்டார் வைத்திருந்தது. ஒரு பேட்டரிகூட இருந்தது! கைப்பிடி இரண்டு. திருகாணி இருந்தது, அது போய்ச் சேர ஓட்டையைக் காணோம். எண்களுக்குப் பக்கத்தில் எழுத்து மாதிரி எழுதியிருந்தது எந்த மொழியிலும் இல்லை.

"என்னம்மா, இது உருட்டா, ஹெலிகாப்டரா?"

"போட்டோவுல தெரியாததை அது இஷ்டத்துக்குக் கற்பனை பண்ணிடும் அங்கிள். வெளிப்புறத்தை மட்டும் பாத்தா அதுக்கு உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? சரியா வரணும்னா நீங்க மெஷினைக் கழட்டிப் பாகத்தை ஒவ்வொண்ணா வெக்கணும். நான் போட்டோ எடுத்து அதுமேலயே கோடு இழுத்துடுவேன்."

"கழட்டற வேலை இல்லை. குடம் முழுசா ஒரு கட்டியா இருக்கட்டும்."

"ஓகே. கைப்பிடி, கேபிள், கூண்டு, தட்டு, இதெல்லாம் பிரிக்கிறேன். குடம் ஒரே பீஸ்."

"ஒரே பீஸ்" என்று நானும் சொன்னேன். மாப்ளயும் சொன்னார்.

கடையை விட்டு வெளியே வரும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. உலகத்தையே விழுங்கிக்கொண்டிருக்கிறதாகச் சொல்லும் ஏஐக்கு என் குடத்துக்குள் நுழைய முடியவில்லை. வழியில் தேத்தண்ணி குடித்த இடத்தில், முன்பின் தெரியாத ஒரு லோரி டிரைவரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை, நான் சொல்லிவிட்டேன்.

படம் முடிந்துவிட்டதா என்று பார்க்கத் தனியாகத்தான் போனேன். சாக்குக்கு நைலான் கயிறு வாங்க அந்தப் பக்கம் போனவன், அப்படியே கடைக்குள் நுழைந்தேன். அவள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "முடிஞ்சது அங்கிள், சூப்பரா வந்திருக்கு" என்று பெரிய தாளில் அச்சடித்ததை மேசையில் விரித்தாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அழகாக இருந்தது. என் உருட்டு அச்சில் கோத்த மாதிரி சாய்வாகப் பிரிந்து நின்றது. எந்தப் பாகம் முதலில் மாட்டப்படுமோ அந்த வரிசையிலேயே தள்ளித் தள்ளி இருந்தது. நடுவில் புள்ளிக்கோடு ஓடி, எது எதற்குள் போகும் என்று காட்டியது. வெளி விளிம்புக்குத் தடித்த கோடு, உள் வளைவுக்கு மெல்லிய கோடு. கம்பிகள் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கலாம். என் கையால் செய்ததை இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததே இல்லை.

பிறகு கண் வலப்பக்கம் போனது. குடம் ஒரே பீஸாக இல்லை.

மூடி தனியாக, அதற்குப் பின் கேபிள் இழுக்கும் வளையம், அதற்குப் பின் நைலான் வளையம், அதற்குப் பின் சுருள். ஒரு சுருள் இல்லை, இரண்டு. பெரிய சுருளுக்குள் போகிற சின்னச் சுருள். ஒன்று வலமாகச் சுற்றியது, மற்றது இடமாகச் சுற்றியது.

நான் இவ்வளவு காலம் மூடி வைத்தது இதைத்தான். ஒற்றைச் சுருள் போட்டால் தட்டைத் திருப்பித் தள்ளப் பலம் போதாது. இரண்டையும் ஒரே பக்கமாகச் சுற்றியதாகப் போட்டால் ஒன்றின் இடுக்கில் மற்றது புகுந்து மாட்டிக்கொள்ளும். எதிரும் புதிருமாகச் சுற்றியதைப் போட்டால் மாட்டாது. இதைக் கண்டுபிடிக்க எத்தனை சுருளைக் குப்பையில் போட்டிருப்பேன்! எந்தக் கேமராவும் வெளியிலிருந்து இதைப் பார்த்திருக்க முடியாது. ஏஐ கற்பனை செய்தால் பேட்டரிதான் வரும், இது வராது. யாரோ குடத்தைத் திறந்திருக்கிறார்கள்.

எந்தக் குடத்தை என்பதையும் அந்தப் படமே சொல்லியது. நைலான் வளையத்தின் ஒரு பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு வரைந்திருந்தாள். நான் முதன்முதலாகச் செய்த உருட்டில் அச்சுத் தண்டின் மேல் வெல்டிங் மொட்டு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. வளையம் அதைத் தாண்டிப் போகவில்லை. இரும்பறுக்கும் வாளால் வளையத்தில் ஒரு வெட்டுப் போட்டு நுழைத்தேன். அதற்குப் பிறகு செய்தது எல்லாவற்றிலும் தண்டை லேத்தில் வழவழப்பாகக் கடைந்துவிட்டேன், வெட்டு தேவைப்படவில்லை. வெட்டு இருப்பது ஒரே ஒரு உருட்டில். அதன் மூடிக்கு ரிவெட் கிடையாது, திருகாணிதான். அது என் மாப்ளயின் கடையில், கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

"இது எப்படிம்மா வந்துச்சு?"

அவள் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். "உங்க மாப்ள அங்கிள் பாகத்தையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினாங்களே? நீங்க மனசு மாறிட்டீங்க, குடத்தையும் பிரிச்சுப் போடச் சொன்னீங்கன்னு சொன்னாங்க. ஃபைலைக்கூட நேத்தே வாங்கிட்டாங்க. ரவாங்ல ஏதோ ஃபேக்டரிக்கு அனுப்பணும்னு…"

நான் தாளின் கீழ் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஆங்கில எழுத்து. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் என் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்று தெரியும், லைசென்ஸில் பார்த்துப் பார்த்து மனப்பாடம். அது அங்கே இல்லை.

"இந்தக் கட்டத்துல யார் பேரு?"

"டிசைன் பண்ணவர்னு மாப்ள அங்கிள் பேரு" என்றாள், மெதுவாக.

மாப்ளயின் கடைக்குள் நான் நுழைந்தபோது அவர் ஒரு மலாய்க்காரருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். கல்லாவுக்கு மேலே உருட்டு மாட்டியிருந்தது. மூடியில் திருகாணிகள் பளபளவென்று இருந்தன. பழைய துருப்பிடித்தவை போய்ப் புதியவை வந்திருந்தன. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். ஆணியை நிறுத்து முடித்து, காசு வாங்கி, அந்த ஆளை அனுப்பிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், உக்காருங்க."

"உக்கார வரல."

"சொல்றதைக் கேளுங்க மொதல்ல. ரவாங் காரன் என்ன சொல்றான் தெரியுமா? ஒரு மாசத்துக்கு நாம பண்றதை ஒரு நாள்ல பண்ணித் தர்றேங்கறான். ஆனா உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்படிப் பண்ணுவான்? தோட்டத்துக்காரனும் அதைத்தான் கேக்கறான். சுருள் உடைஞ்சா குடத்தோட தூக்கிப் போட வேண்டியிருக்கு, பாகத்துக்கு நம்பர் குடு, மாத்திக்கிறேங்கறான். இந்தப் படம் இருந்தா எவன் வேணாலும் ரிப்பேர் பண்ணலாம். நீங்க போனப்புறம் யாரு மச்சான் பண்ணுவா?"

"நான் எங்க போறேன்?"

"எல்லாரும் ஒரு நாள் போறதுதானே லா."

"உன் பேரு எதுக்கு அதுல?"

"ஃபேக்டரிக்காரன் போன் பண்ணா பேசறதுக்கு ஒரு ஆளு வேணும். நீங்க இங்கிலீஷ் பேசுவீங்களா? ஒரு பேரு போடணும், போட்டேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். அவர் சொன்ன காரணங்களில் பாதி நியாயம் என்று எனக்கே தெரிந்தது. சுருள் உடைந்தால் குடத்தைத் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது, அது உண்மைதான். அந்த உண்மைதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல மாப்ள?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"அப்போ என் பதில் உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் திறந்திருக்க."

அவர் தராசுத் தட்டில் மிச்சமிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். ஆணி தீரும் வரை நான் நின்றேன். பிறகு கல்லாவைச் சுற்றிப் போய், முக்காலியில் ஏறி, உருட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அச்சுக்கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று என் மகன்கள்கூடக் கேட்டார்கள். ஃபைல் ரவாங்குக்குப் போய்விட்டது, இனிமேல் மூடி வைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படம் தப்பு. அந்த வெட்டு தப்பு. தேவையில்லாத ஒரு வெட்டை ஊரெல்லாம் பார்த்து, "செய்தவனுக்கு வேலை தெரியாது" என்று பேசுவதற்கு நான் ஆள் இல்லை. வெளியே போவது போகட்டும், சரியாகப் போகட்டும். பட்டறையில் புது உருட்டு ஒன்றின் ரிவெட்டை என் கையாலேயே அறுத்தேன். பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பெண் பலமுறை மன்னிப்புக் கேட்டாள். "உன் மேல தப்பில்லை கண்ணு, வேலையைப் பாரு" என்றேன். அவள் வெள்ளைத் தாளை விரித்து, விளக்குப் போட்டு, மூடி, வளையம், சுருள் என்று ஒவ்வொன்றையும் ஒரே சாய்வில் நிறுத்தி எடுத்தாள். வளையம் நிற்கவில்லை, பின்னால் கொஞ்சம் களிமண் ஒட்டி நிறுத்தினாள். பிறகு கம்ப்யூட்டரில் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"சுருளும் வேற மாதிரியா அங்கிள்?"

"சுருள் ஒண்ணுதான். ஆனா நீ போட்டதுல சுத்து கொஞ்சம் நெருக்கமா இருக்கு. நீ எதைப் பாத்து வரைஞ்ச?"

"இதைப் பாத்துதான்" என்று மாப்ள அனுப்பிய போட்டோக்களைத் திறந்தாள்.

மூடி ஒரு பழைய செய்தித்தாள் மேல் இருந்தது. வளையம், செய்தித்தாள் மேல். சுருள் மட்டும் அப்படி இல்லை. உருண்டு போய்விடும் என்றோ என்னவோ, ஒரு கை அதை விரல்களுக்கு நடுவில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியது. கொஞ்சம் அமுக்கிப் பிடித்ததால்தான் சுற்று நெருங்கித் தெரிந்திருக்கிறது. பெண்ணின் கை. கட்டை விரல் நகம் நடுவில் பிளந்து, இரண்டாக வளர்ந்திருந்தது.

பட்டறையை நான் ஆரம்பித்தபோது ஆள் வைக்க வசதி இல்லை. என் தங்கைதான் வந்து உதவினாள். தட்டுக்கு ஓட்டை போடும் இயந்திரத்தில் ஒருநாள் அவள் விரல் மாட்டிக்கொண்டது. தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்கு என் மோட்டார் சைக்கிளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அந்த நகம் அப்படியேதான் வளர்ந்தது.

மாப்ள வெளியிலிருந்து வந்தவர். அவர் செய்தால் கோபப்படலாம். கோபம் எனக்குப் பழக்கமானது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. புருஷன் சொன்னான், பிடித்தாள் என்று இருக்கலாம். என்னிடம் கேட்டாயிற்று என்று அவளிடமும் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் தினமும் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணுகிறவள். அன்றைக்கும் பண்ணியிருப்பாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்றெல்லாம் கேட்டவள், இதை மட்டும் சொல்லவில்லை.

"என்ன அங்கிள்? சுத்தை மாத்தணுமா?"

"மாத்து. விடுதலையா இருக்கிற மாதிரி போடு. யாரும் அமுக்கிப் பிடிக்காத மாதிரி."

அவள் கோடுகளை நகர்த்தினாள். வளையத்தின் வெட்டை எடுத்துவிட்டு முழு வட்டமாக இழுத்தாள். கீழ் மூலைக் கட்டத்தைக் காட்டி, "பேரையும் மாத்திடவா? ஒரு நிமிஷ வேலைதான். ரவாங்குக்கும் நானே புது ஃபைல் அனுப்பறேன்" என்றாள்.

"மாத்து" என்றேன். என் லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்தேன், எழுத்து தப்பாகிவிடக் கூடாது என்று. அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டினாள். என் பெயர் அந்தக் கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை.

"அந்தக் கை…" என்றேன்.

"எந்தக் கை?"

"சுருளைப் பிடிச்சிருக்கே."

"அது போட்டோவுல மட்டும்தான் அங்கிள். நான் சுருளை மட்டும்தான் வரைஞ்சேன். கையெல்லாம் கோட்டுல வராது."

புதுத் தாளை உருட்டி ரப்பர் மாட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன். இன்றைக்கு அதைப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள், வியக்கிறார்கள். நானும் ஒவ்வொரு எண்ணாகக் காட்டி விளக்குகிறேன். மாப்ளயோடு பேச்சு இல்லை. தங்கை வழக்கம்போலச் சாயங்காலம் கூப்பிடுகிறாள்.

"அண்ணே, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

அவள் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் காத்திருக்கிறாள். நானும் வைக்காமல் இருக்கிறேன். அவளாகச் சொல்லட்டும் என்று நானும், நான் கேட்கட்டும் என்று ஒருவேளை அவளும்.